சாயத்துக்குப் போன துணியும் தேவைக் குறிப்பும்: டெவலப்பருக்கு எதை எழுதித் தருவது, எதை விட்டுவிடுவது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி தனக்கென்று மென்பொருள் எழுதி வாங்க முடிவு செய்தால், டெவலப்பரின் கைக்கு முதலில் போவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு மெயில்தான்:

> டையிங்குக்குத் தனி ஸ்க்ரீன் வேண்டும். மேலே பட்டறை பெயருக்கு டிராப்டவுன். கீழே டிசி எண், ரோல், கிலோ. பிராசஸ் லாஸ் 6 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வரி சிவப்பாக மாற வேண்டும். எக்செல் பட்டன் வேண்டும். தினமும் காலை 9 மணிக்கு எம்.டி.க்கு வாட்ஸ்அப் போக வேண்டும்.

டிசி என்பது சரக்கோடு போகும் டெலிவரி சலான், பிராசஸ் லாஸ் என்பது சாயம் ஏற்றுவதில் குறையும் எடை. மெயில் படிக்கத் தெளிவாக இருக்கிறது. டெவலப்பர் மறுகேள்வி கேட்காமல் இதை அப்படியே செய்து கொடுத்துவிடவும் முடியும். ஆனால் இதில் யார், எந்த நேரத்தில், என்ன முடிவு எடுக்க இதெல்லாம் தேவைப்படுகிறது என்பது ஓரிடத்தில்கூட இல்லை. அதோடு அந்தச் சிவப்பு வரி, எழுதியபடியே செய்தால், முதல் வாரத்திலேயே பயனற்றுப் போகும். ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னால் கணக்கோடு காட்டுகிறேன்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது: நிட்டிங் முடிந்து இன்னும் சாயம் ஏறாத கிரே துணியைச் சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க்கில் அனுப்பி, திரும்ப வாங்கி, கணக்குப் பார்ப்பது. மேலே உள்ள மெயிலை, தேவையை மட்டும் சொல்லி, தீர்வை டெவலப்பரிடம் விடும் குறிப்பாக எப்படி மாற்றுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கேட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடியுங்கள்

மெயிலை எழுதியவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தினமும் அந்த வேலையைச் செய்கிறவருக்குத் தீர்வுதான் முதலில் தோன்றும். அதனால் அந்த மெயிலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, அதைக் கேட்டவரிடம் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது கிடைத்தால் அடுத்து யார் என்ன செய்வார்?

ஃபேப்ரிக் இன்சார்ஜிடம் இந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"காலைல வாட்ஸ்அப் எதுக்குங்கண்ணா?"

"எம்.டி. வந்ததும் எந்த ஆர்டர் துணி எங்க நிக்குதுன்னு கேப்பாருங்க. அதுக்குள்ள நான் பட்டறை பட்டறையா போன் போட்டுட்டு இருப்பனுங்க."

"தெரிஞ்சா அவரு என்னங்க பண்ணுவாரு?"

"இன்னிக்கு கட்டிங் டேபிள்ல எந்த ஆர்டரைப் போடறதுன்னு முடிவு பண்ணுவாருங்க. துணி லேட்டுன்னா வேற ஆர்டரை முன்னாடி தள்ளுவாரு."

வாட்ஸ்அப்புக்குப் பின்னால் இருந்த தேவை இதுதான்: கட்டிங் தொடங்கும் முன், எந்த ஆர்டருக்குத் துணி கையில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரிய வேண்டும். இது தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். நேற்று மாலை வரை உள்ள நிலவரம் போதுமா, அல்லது காலையில் வண்டி இறங்கியதும் சேர வேண்டுமா? டெவலப்பரின் வேலையை உண்மையில் கூட்டுவதும் குறைப்பதும் இந்தப் பதில்தான். வாட்ஸ்அப்பா, மெயிலா, கட்டிங் ஹாலில் ஒரு திரையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு வரியைக் கேட்டது அக்கவுண்ட்ஸ். காரணம் கேட்டால், "பில் பாஸ் பண்றதுக்கு முன்னாடி லாஸ் ஜாஸ்தியான்னு தெரியணுமுங்க. பணம் போனதுக்கப்புறம் கேட்டா பட்டறைக்காரரு ஒத்துக்க மாட்டாருங்க" என்பார்கள். இந்தத் தேவைக்கு ஒரு நேரம் இருக்கிறது: பில் பாஸ் ஆகும் முன். இன்சார்ஜ் மட்டும் திறக்கும் ஸ்க்ரீனில் ஒரு வரி சிவந்து கிடப்பதால் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு பயனும் இல்லை.

எக்செல் பட்டன்தான் இதில் முக்கியமானது. கேட்டால் "ஆடிட்டர் கேப்பாருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதோடு விடாதீர்கள், ஆடிட்டரிடமே போங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு, திரும்பி வந்த சரக்கு ஆகியவற்றின் விவரத்தை ஜி.எஸ்.டி.யில் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். முந்தைய நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை. அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பட்டனுக்குள் இப்படி இரண்டு தேவைகள் ஒளிந்திருக்கின்றன. பட்டன் என்று மட்டும் எழுதினால், டெவலப்பர் திரையில் தெரிவதை எக்செல்லில் கொட்டிக் கொடுப்பார். ஆடிட்டருக்கு வேண்டிய பழைய டிசி விவரம் அதில் இல்லாமலே போகலாம்.

இரண்டாம் படி: ஒரு உண்மையான டிசியின் பின்னால் போங்கள்

வழக்கமாக எப்படி நடக்கும் என்று கேட்டால் எல்லாரும் நேரான கதையைத்தான் சொல்வார்கள். துணி போகும், சாயம் ஏறும், வரும், எடை போடுவோம். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் மென்பொருளும் நேரான கதைக்கு மட்டுமே வேலை செய்யும். சமீபத்தில் முடிந்த ஒரு டிசியைக் கையில் எடுத்து, கேட் நோட்டு, பட்டறையின் டிசி, பில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 28 ரோல், 620 கிலோ கிரே துணி ஒரே டிசியில் போனது. பேசிய பிராசஸ் லாஸ் 6 சதவீதம். முதலில் 415.5 கிலோ வந்தது. சில நாள் கழித்து 161.1 கிலோ வந்தது. மொத்தம் 576.6 கிலோ. குறைந்தது 43.4 கிலோ, அதாவது 7 சதவீதம். பேச்சுப்படி 37.2 கிலோ வரை குறையலாம் என்பதால், கூடுதலாகக் குறைந்தது 6.2 கிலோ. சாதாரண டி-ஷர்ட் என்றால் அது முப்பது பீஸ் பக்கம் வரும் துணி.

இப்போது சிவப்பு வரிக்கு வருவோம். முதல் தவணை வந்த அன்று இந்த மென்பொருள் என்ன செய்யும்? 620 போயிருக்கிறது, 415.5 வந்திருக்கிறது, 'லாஸ்' 33 சதவீதம். சிவப்பு! தவணையாக வருகிற ஒவ்வொரு டிசியும் முடியும்வரை சிவப்பாகவே நிற்கும். நாலு நாளில் எல்லாரும் அந்த நிறத்தைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் உண்மையான 7 சதவீதம் அந்தக் கூட்டத்தில் கலந்து பில்லோடு பாஸ் ஆகிவிடும். டெவலப்பர் கேட்டதைச் சரியாகத்தான் செய்திருப்பார். ஒரு டிசி எப்போது முடிந்ததாகக் கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டிசியின் பின்னால் போகும்போது வேறு சிலவும் தட்டுப்படும். போன ரோல் எண்ணிக்கையும் வந்த ரோல் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. பட்டறையில் ரோல்களைத் தைத்துச் சேர்த்துச் சாயம் ஏற்றி, முடிந்தபின் மறுபடி சுற்றுகிறார்கள். ரோலை வைத்துக் கணக்கை முடிக்க முடியாது, எடையை வைத்துத்தான் முடியும். சில லாட் நம் கேட்டுக்கே வராமல், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங்குக்குப் பட்டறையிலிருந்து நேராகப் போய்விடும். அப்போது சாயத்துக்குப் பின்னான எடையை நம் ஆட்கள் பார்க்கவே இல்லை. ஷேடு ஒத்துவராத துணி மறு சாயத்துக்கு வேறொரு டிசியில் திரும்பப் போகும். இதையெல்லாம் "விதிவிலக்கு" என்று ஒதுக்காமல், மாதத்தில் எத்தனை முறை நடக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதற்கும் வாரத்துக்கு நாலு முறை நடப்பதற்கும் டெவலப்பர் வேறு வேறு தீர்வைத் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாம் படி: தேவையை வாக்கியமாக எழுதுங்கள்

ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஆள், ஒரு நேரம், அவருக்குத் தெரிய வேண்டியது அல்லது செய்ய முடிய வேண்டியது, எவ்வளவு சரியாக என்கிற அளவு. இந்த நாலும் வந்துவிட்டால் போதும். நம் மெயில் இப்படி மாறும்:

> 1. கட்டிங் தொடங்கும் முன் (காலை 9 மணி), அன்று கட்டிங் திட்டமிடுகிறவருக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும், நிறவாரியாக, எத்தனை கிலோ கையில் இருக்கிறது, எத்தனை கிலோ எந்தப் பட்டறையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று யாருக்கும் போன் போடாமல் தெரிய வேண்டும். முந்தைய நாள் மாலை 7 மணி வரையிலான நிலவரம் போதும்.
>
> 2. சாயப்பட்டறையின் பில்லைப் பாஸ் செய்கிறவருக்கு, பாஸ் செய்யும் முன், அந்த பில்லுக்கு உரிய துணியில் பேசிய அளவுக்கு மேல் எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்னும் வர வேண்டிய துணி இருந்தால் அது லாஸாகக் காட்டப்படக் கூடாது.
>
> 3. ஐடிசி-04 தாக்கலுக்கு, அந்தக் காலத்தில் அனுப்பிய டிசி, அதற்கு எதிராகத் திரும்பி வந்த சரக்கு ஆகியவற்றின் விவரம் ஆடிட்டருக்குக் கிடைக்க வேண்டும்.
>
> 4. எந்தத் துணியும் ஓராண்டு கெடுவைத் தாண்டும் முன், இன்சார்ஜுக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாகத் தெரிய வேண்டும்.

ஸ்க்ரீன், டிராப்டவுன், நிறம், பட்டன் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் பழைய மெயிலைவிட இதுதான் டெவலப்பரை அதிகம் கட்டுப்படுத்துகிறது. "இன்னும் வர வேண்டிய துணி லாஸாகக் காட்டப்படக் கூடாது" என்ற ஒரு வரியால், அந்தச் சிவப்பு வரித் தீர்வு இனி தேறாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. தீர்வைச் சொல்லக் கூடாது என்று கேட்டதும் சிலர் "பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்", "வேகமாக இருக்க வேண்டும்" என்று எழுதத் தொடங்குவார்கள். அது தேவை ஆகாது, நிறைவேறியதா என்று யாராலும் சோதிக்க முடியாது. கேட்டில் பதிவது எளிதாக இருக்க வேண்டும் என்றால் உங்கள் மனதில் என்ன இருக்கிறது? அநேகமாக இதுதான்: "வண்டி கேட்டில் நிற்கும்போதே, பயிற்சி இல்லாத புது வாட்ச்மேன் ஒருவர் ஒரு டிசி வரவை 2 நிமிடத்துக்குள் தமிழில் பதிய முடிய வேண்டும்." இதைக் கடிகாரம் வைத்தே சோதித்துவிடலாம்.

தேவைகளின் தரத்தைப் பற்றிப் பேசும் ஐ.எஸ்.ஓ. 29148 என்ற சர்வதேசத் தரநிலை, 2011-ல் வந்த பதிப்பில், நல்ல தேவைக்கு உரிய பண்புகளில் இவை இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது: செய்யும் முறையை அது கட்டிப்போடக் கூடாது, நிறைவேறியதா என்று சரிபார்க்கவும் முடிய வேண்டும். ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால் குறிப்பு நொண்டும்.

நாலாம் படி: விதிகளைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

"பேசிய அளவுக்கு மேல்" என்று எழுதியாகிவிட்டது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கம்பெனியின் வழக்கம், டெவலப்பர் ஊகிக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் விரிவாக எழுதத் தயங்காதீர்கள். கணக்கு விதி தீர்வு ஆகாது, அது உங்கள் தொழிலின் உண்மை. விதியை வாக்கியமாகச் சொன்னால் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி புரியும். உண்மையான எண்ணோடு உதாரணம் கொடுங்கள்.

> உதாரணம் அ: 620 கிலோ போனது. 415.5 கிலோ வந்தது. பட்டறை இன்னும் முடிக்கவில்லை. எதிர்பார்ப்பது: வர வேண்டியது பாக்கி இருக்கிறது. குறைவு இன்னும் கணக்கிடப்படவில்லை.
>
> உதாரணம் ஆ: அதே டிசியில் மேலும் 161.1 கிலோ வந்தது. இத்தோடு முடிந்தது என்று இன்சார்ஜ் உறுதி செய்தார். எதிர்பார்ப்பது: குறைவு 43.4 கிலோ. அனுமதி 37.2 கிலோ. கூடுதல் குறைவு 6.2 கிலோ.
>
> உதாரணம் இ: இரண்டாம் தவணையின் 161.1 கிலோ ஷேடு ஒத்துவராமல் மறு சாயத்துக்குப் போய் 158.7 கிலோவாக வந்தது. எதிர்பார்ப்பது: போன எடை 620 கிலோவாகவே இருக்கும், 781.1 ஆகாது. முடிவில் கையில் இருப்பது 574.2 கிலோ. குறைவு 45.8 கிலோ.

உதாரணம் ஆ-வை எழுதும்போதே ஒரு உண்மை வெளியே வந்துவிட்டது பாருங்கள். டிசி முடிந்தது என்று சொல்வது ஒரு ஆள், அது கணக்கில் தானாக வருவதில்லை. உதாரணம் இ-யும் ஒரு கேள்வியைக் கிளப்பும். மறு சாயத்தில் குறைந்த 2.4 கிலோ பட்டறையின் பொறுப்பா, நம்முடையதா? அக்கவுண்ட்ஸ் ஒன்று சொல்லும், இன்சார்ஜ் ஒன்று சொல்வார். பில் பட்டறைக்குப் போன எடைக்கா, வந்த எடைக்கா என்று கேட்டாலும் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறலாம். இந்தச் சண்டையை உங்களுக்குள் முடித்துவிட்டு எழுதுங்கள். முடியவில்லையென்றால், முடிவாகவில்லை என்றே எழுதி, யார் எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார் என்று பக்கத்தில் போடுங்கள். மௌனமாக விட்ட இடத்தில் டெவலப்பர் தன் ஊகத்தை வைத்து எழுதிவிடுவார், அது பில் பிரச்சினையாக வரும்போதுதான் தெரியும்.

பின்னால் மென்பொருள் வந்ததும் இந்த உதாரணங்களையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். தனியாகச் சோதனைப் பட்டியல் எழுத வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மாறாதவற்றைக் காரணத்தோடு சொல்லுங்கள்

சில இடங்களில் தீர்வைக் கட்டாயம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு வெட்கப்பட வேண்டாம், காரணத்தைச் சேர்த்துவிட்டால் போதும்.

> கணக்கு டேலியில்தான் தொடரும். ஆடிட்டரும் அக்கவுண்ட்ஸும் அதில்தான் வேலை செய்கிறார்கள், இந்த ஆண்டு மாற்றும் எண்ணம் இல்லை.
> டிசி எண் நிதியாண்டுக்குள் தொடர் வரிசையாக, ஒரு எண் இருமுறை வராமல் இருக்க வேண்டும். தொடர் வரிசையாக எண்ணிடுவது ஜி.எஸ்.டி. விதி.
> கேட்டில் இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. அந்த நேரத்திலும் வண்டியை நிறுத்தி வைக்க முடியாது.
> சாயப்பட்டறைகள் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்த மாட்டார்கள். அவர்கள் தருவது அச்சடித்த டிசி மட்டும்.

மூன்றாவதைக் கவனியுங்கள். "ஆஃப்லைனில் வேலை செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கலாம். அது ஒரு தீர்வு. நிலைமையை எழுதினால் டெவலப்பருக்கு வேறு வழியும் திறக்கும்: கேட்டில் காகிதச் சீட்டு, பதிவு ஆபீஸில். தேவை 1-க்கு மாலை 7 மணி நிலவரம் போதும் என்று ஏற்கனவே சொல்லியிருப்பதால் அதுவும் தாங்கும். ஆனால் கேட் பதிவுக்கு 2 நிமிடம் என்று நீங்கள் எழுதியது அப்போது தேவைப்படுமா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி நல்லது. பதில் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அளவுகளையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டிசி, சீசனில் எத்தனை, எத்தனை பட்டறை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள். துல்லியம் வேண்டாம், பத்தா நூறா என்று தெரிந்தால் போதும்.

ஆறாம் படி: யோசனைகளுக்குத் தனிப் பக்கம்

அந்த முதல் மெயிலை என்ன செய்வது? குறிப்பின் கடைசியில் "எங்கள் யோசனைகள், கட்டாயம் இல்லை" என்று தலைப்புப் போட்டு, டிராப்டவுன் முதல் வாட்ஸ்அப் வரை அங்கே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தத் தேவைக்கு உதவும் என்று எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாத யோசனை இருந்தால் இரண்டில் ஒன்று: ஒரு தேவை விடுபட்டிருக்கிறது, அல்லது அந்த யோசனை வேண்டாம்.

இந்த முறை சேர்க்க வேண்டாம் என்று முடிவானதையும் எழுதுங்கள். நிட்டிங், பிரிண்டிங் கணக்கு இதில் இல்லை என்று ஒரு வரி போதும். ஆனால் காம்பாக்டிங்கை வெளியே தள்ளுவதற்கு முன் யோசியுங்கள். பட்டறையிலிருந்து நேராகக் காம்பாக்டிங் போகும் லாட் நிறைய இருந்தால், அதை விட்டுவிட்டுத் தேவை 2-ஐ நிறைவேற்ற முடியாது.

ஏழாம் படி: அனுப்பும் முன் ஒரு சோதனை, அனுப்பியபின் ஒரு உட்காரல்

ஒவ்வொரு வரியையும் படித்து, இதை இரண்டு வேறு விதமாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஒரே ஒரு விதம்தான் தோன்றுகிறது என்றால் நீங்கள் தீர்வைச் சொல்லிவிட்டீர்கள், அல்லது அது ஐந்தாம் படியில் வர வேண்டிய மாறாத விஷயம். அப்புறம் அதே வரியை எடுத்து, செய்து கொடுத்தபின் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்ல முடியவில்லையென்றால் ஆளோ, நேரமோ, அளவோ விடுபட்டிருக்கிறது. பட்டன், திரை, பட்டியல், நிறம், மெனு, டேபிள் போன்ற சொற்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், யோசனைப் பக்கத்துக்கு வெளியே அவை பெரும்பாலும் வரக் கூடாது.

கடைசியாக, குறிப்பை மெயிலில் அனுப்பியதோடு நிறுத்தாமல் டெவலப்பரையும் இன்சார்ஜையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். டெவலப்பரைத் தன் சொந்தச் சொற்களில் உதாரணம் அ, ஆ, இ மூன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்த இடம் அங்கேயே வெளியே வந்துவிடும். அவர் கேட்கும் கேள்வியின் தன்மையும் குறிப்பின் தரத்தைக் காட்டிவிடும். "பட்டன் எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டால் குறிப்பு இன்னும் தீர்வாகவே இருக்கிறது. "நேரா காம்பாக்டிங் போற லாட்டுக்கு சாயப்பட்டறை டிசில இருக்கற எடைய அப்படியே நம்பலாமுங்களா?" என்று கேட்டால் அவர் உங்கள் பிரச்சினைக்குள் வந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்சார்ஜ் சொல்லும் பதில், "காம்பாக்டிங்காரரு எறக்கும்போது ஒரு எடை போடுவாருங்க, அதத்தான் நாங்க கணக்குக்கு எடுத்துக்குவோம்" என்று வரலாம். அதை உடனே உதாரணம் ஈ என்று குறிப்பில் சேர்த்து, தேதி போட்டு, திருத்திய பிரதியைச் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அனுப்புங்கள். பேச்சில் மட்டும் முடிவானது அடுத்த மாதம் யாருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்காது.